கும்பாபிஷேகப் பத்திரிகையில் ஒரு குழு அழைப்பு

ஊர்க் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்பதால் 1,500 பத்திரிகை அடிக்க முடிவாகிறது. யாகசாலை பூஜை தொடங்கும் நாளிலிருந்து மண்டலாபிஷேகம் முடியும் 48ஆம் நாள் வரை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஏராளம். நேரம் மாறும், அன்னதானப் பந்தல் இடம் மாறும், ஜங்ஷனிலிருந்து வேன் எத்தனை மணிக்கு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்ல முடியாது என்று விழாக் கமிட்டி ஒரு வாட்ஸப் குழுவைத் தொடங்குகிறது. பத்திரிகையின் பின்பக்கத்தில் குழுவில் சேர ஒரு க்யூஆர் கோடு போட்டுவிடலாம் என்கிறார் கமிட்டியில் இருக்கும் இளைஞர். எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

கோடு எடுப்பது ஐந்து நிமிட வேலை. சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது. அச்சான தாளில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அந்தக் கோடு சுட்டிக்காட்டும் இணைப்போ, அட்மின் ஒரு பொத்தானைத் தொட்டால் செத்துப்போகும். பத்திரிகையிலும் நோட்டீஸ் போர்டிலும் அச்சாகும் குழு அழைப்புகள் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த முரண்பாடுதான் காரணம்.

முதலில் எடுக்கும் வழி. குழுவின் பெயரைத் தொட்டு விவரப் பக்கத்துக்குப் போனால் "Invite via link" என்றோ அதற்கு நெருக்கமான சொற்களிலோ ஒரு வரி இருக்கும். செயலியின் பதிப்புக்கேற்ப வார்த்தை கொஞ்சம் மாறும். அதைத் திறந்தால் இணைப்பை நகலெடுக்க, அனுப்ப, "QR code" ஆகக் காட்ட, "Reset link" செய்ய என்று சில தேர்வுகள் வரும். க்யூஆர் என்பது அந்த இணைப்பின் எழுத்துகளைப் படமாக மாற்றிய வடிவம், அவ்வளவுதான். அதற்குள் குழுவின் பெயரோ அட்மினின் எண்ணோ கிடையாது. இந்த அமைப்பில் ஒரு முகவரி மட்டுமே உண்டு:

```
https://chat.whatsapp.com/ + 22 எழுத்துகளும் எண்களும்
```

இப்போதெல்லாம் இணைப்பை நகலெடுத்தால் அந்த 22 எழுத்துகளுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறியும் `mode=` என்று தொடங்கும் வாலும் சில நேரம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கோடு தயாரிக்கும்போது கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். சேர்வதற்கு அது தேவையில்லை. எழுத்து குறைந்தால் கோட்டில் கட்டங்கள் குறையும், கட்டம் ஒவ்வொன்றும் பெரிதாகும், மலிவு போனின் கேமராவுக்கும் புரியும்.

வாட்ஸப் காட்டும் க்யூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சகத்துக்கு வாட்ஸப்பிலேயே அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. போனில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால் கட்டங்களின் ஓரம் மங்கி, ஆஃப்செட்டில் இன்னும் மங்கிவிடும். அதைவிட, இணைப்பை மட்டும் எழுத்தாக அச்சகத்துக்கு அனுப்பி அங்கேயே கோடு தயாரிக்கச் சொல்வது நல்லது. டிடிபி செய்பவர் பயன்படுத்தும் கோரல்டிராவின் பிற்காலப் பதிப்புகளில் க்யூஆர் உருவாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலும் உண்டு. இவற்றில் வரும் கோடு புள்ளிகளால் ஆன படமல்ல, கோடுகளால் வரையப்பட்ட உருவம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். அதற்கு வழியில்லை என்றால் படத்தை 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள், போட்டோவாக வேண்டாம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. இணையத்தில் "இலவச க்யூஆர்" என்று தேடினால் வரும் தளங்களில் பல, நாம் கொடுத்த இணைப்பைக் கோட்டுக்குள் வைப்பதில்லை. தங்களுடைய குறுமுகவரி ஒன்றை வைத்து, அதிலிருந்து நம் குழுவுக்குத் திருப்பிவிடுகின்றன. இதை 'டைனமிக்' கோடு என்று விளம்பரப்படுத்துவார்கள். எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்கலாம், போகும் இடத்தைப் பிறகு மாற்றலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் சில, சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லித் திருப்பிவிடுவதை நிறுத்திவிடும். அதற்குள் பத்திரிகை ஊர் ஊராகப் போயிருக்கும். கோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேன் செய்து, திறப்பதற்கு முன் போன் காட்டும் முகவரியைப் படிக்க வேண்டும். `chat.whatsapp.com` என்று வந்தால் கோடு நம்முடையது. வேறு ஏதாவது பெயர் வந்தால் அது அந்தத் தளத்தின் தயவில் உயிர்வாழும் கோடு. விழா முடிந்ததும் பயனற்றுப்போகும் பத்திரிகைக்கு டைனமிக் கோடு தேவையே இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது அளவு. க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது. கார் உதிரிபாகங்களைத் தொழிற்சாலையில் கண்காணிப்பதற்காக வந்தது என்பதால் அழுக்குப் பட்டாலும் படிக்கும்படி வடிவமைத்தார்கள். அதே செய்தியைத் திரும்பக் கணக்கிட்டுப் பெறுவதற்கான கூடுதல் தகவல் கோட்டுக்குள்ளேயே இருக்கும். எல், எம், க்யூ, எச் என்று நான்கு நிலைகள். எல் நிலையில் ஏறத்தாழ 7 சதவீதம், எம் நிலையில் 15, க்யூவில் 25, எச்சில் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். சரி, எச் எடுத்துவிடலாமே என்று தோன்றும். தாங்கும் சக்தி கூடக் கூட, கட்டங்களும் கூடும். வாட்ஸப் குழு இணைப்பு மொத்தம் 48 எழுத்து. அதை எம் நிலையில் எடுத்தால் பக்கத்துக்கு 33 கட்டம், எச் நிலையில் 41 கட்டம்.

நம் பத்திரிகைக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோட்டைச் சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. எம் நிலையில் 33 கட்டமும் இரு பக்கமும் வெற்றிடமும் சேர்த்து 41 கட்டம். அதற்குப் பத்திரிகையில் இரண்டரை செ.மீ. இடம் ஒதுக்கினால் ஒரு கட்டம் 0.6 மி.மீ. வரும். கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் தாளுக்கு இது போதும். ஒன்றரை செ.மீ.க்குச் சுருக்கினால் கட்டம் 0.37 மி.மீ. ஆகி, மை கொஞ்சம் பரவினாலும் பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடம் இல்லை என்று டிடிபிக்காரர் சொல்வார். உபயதாரர் பட்டியலில் ஒரு வரியைக் குறைப்பதைவிட இதைச் சுருக்குவதுதான் கமிட்டிக்கு எளிதாகத் தெரியும். வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் போர்டுக்குக் கணக்கு வேறு. எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் பொது அளவு. கோயில் வாசல் போர்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் பத்து செ.மீ. கோடு. அங்கே க்யூ நிலை எடுக்கலாம். வெயிலில் வெளுக்கும், யாராவது கீறுவார்கள், குண்டூசி குத்துவார்கள். ஆனால் மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய சதுரங்களை எந்த நிலையும் காப்பாற்றாது. கோடு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேமரா தெரிந்துகொள்வதே அவற்றைப் பார்த்துத்தான். ஊசியும் டேப்பும் தாளின் ஓரத்தில் இருக்கட்டும், சதுரத்தின் மேல் வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட போர்டு என்றால் உள்ளே மினுமினுக்கும் லேமினேஷன் தாளை வைக்காதீர்கள். டியூப்லைட்டின் ஒளி கண்ணாடியிலும் தாளிலும் பட்டுக் கோட்டுக்கு நடுவே வெள்ளைக் கோடாக விழும்.

பத்திரிகைக்கே உரிய இன்னொரு ஆபத்து மஞ்சள். அழைக்கப் போகும்போது பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று கோட்டை அங்கே வைத்தால் முதல் தடவலிலேயே ஒரு சதுரம் போய்விடும். கோட்டை மூலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, மடிப்பு விழாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றியும் அச்சகத்தில் கண்டிப்பாகப் பேச வேண்டும். மங்கலப் பத்திரிகையில் கறுப்பு எதற்கு என்று மெரூனிலோ தங்கத்திலோ போடலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அடர் மெரூன் வெள்ளைத் தாளில் வேலை செய்யும். மஞ்சள் தாளில் கறுப்பும் செய்யும். தங்க ஃபாயில் செய்யாது, ஏனென்றால் போனைச் சாய்க்கச் சாய்க்க அது ஒரு நேரம் இருட்டாகவும் ஒரு நேரம் வெளிச்சமாகவும் தெரியும். சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு, அதாவது நிறங்களைத் தலைகீழாக்குவது, சில போன்களில் ஓடும், சிலவற்றில் ஓடாது. அந்தச் சூதாட்டம் 1,500 பிரதியில் வேண்டாம். கோடு கறுப்பு என்றால் கறுப்பு மை ஒன்றிலேயே அடிக்கச் சொல்லுங்கள். நான்கு நிறத்தையும் கலந்து கறுப்பாக்கினால், ஒரு தட்டு இம்மி விலகினாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிற நிழல் விழும். நடுவில் பிள்ளையார் படத்தை வைக்கும் ஆசையையும் விட்டுவிடுவது நல்லது. வைத்தே தீர வேண்டும் என்றால் எச் நிலையில் எடுத்து, படத்தைச் சிறிதாக வைக்க வேண்டும்.

பத்திரிகையில் இப்போது இந்த ஒரு கோடு மட்டும் இருப்பதில்லை. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய் வைக்க கூகுள் பே, போன்பே கோடுகளை அச்சிட்டிருந்தது பெரிய செய்தியானது. இன்று கோயில் பத்திரிகையில் நன்கொடைக்கான கோடு சாதாரணம். அதன் பக்கத்தில் குழுக் கோட்டையும் வைத்தால் என்ன ஆகும்? நம் ஊர்களில் க்யூஆர் என்றாலே பணம் கட்டுவது என்றுதான் பலருக்குப் பழக்கம். பணச் செயலியைத் திறந்து குழுக் கோட்டைக் காட்டுவார்கள். அது `upi://` என்று தொடங்கும் செய்தியை எதிர்பார்க்கும், இணைய முகவரியைக் கண்டால் செல்லாத கோடு என்று சொல்லிவிடும். "கோடு வேலை செய்யல தம்பி" என்று அட்மினுக்குப் போன் வரும். அதனால் இரண்டையும் வெவ்வேறு பக்கத்தில் போடுங்கள். குழுக் கோட்டின் மேலே "வாட்ஸப் குழுவில் சேர – பணம் கட்டும் கோடு அல்ல" என்றும், கீழே "போன் கேமராவில் காட்டவும்" என்றும் தமிழில் எழுதுங்கள். கூடவே ஒரு பொறுப்பாளரின் எண்ணும் இருக்கட்டும், ஸ்கேன் செய்யத் தெரியாதவர்கள் அழைத்துச் சொன்னால் அவரே சேர்த்துவிடலாம்.

அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபை அசல் அளவில் தாளில் எடுத்து வரச் சொல்லிச் சோதியுங்கள். திரையில் பார்த்துச் சம்மதம் சொல்வதில் அர்த்தமில்லை. அட்மினின் போனிலோ குழுவில் ஏற்கெனவே இருப்பவரின் போனிலோ சோதித்தாலும் போதாது. அவர்களுக்குக் குழு நேரே திறந்துவிடும், புதிதாக வருபவருக்கு என்ன தெரியும் என்பது தெரியாது. குழுவில் இல்லாத ஒருவரிடம், முடிந்தால் பழைய மலிவு போன் வைத்திருப்பவரிடம், மாலை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். குழுவின் பெயர், படம், சேர்வதற்கான பொத்தான் மூன்றும் அவர் திரையில் வர வேண்டும். ஒரு கமிட்டிக்கு மூன்று குழுக்கள் இருப்பது சகஜம் என்பதால், கணக்கு பேசும் உள்குழுவின் இணைப்பு தவறிப் பத்திரிகைக்குப் போய்விடாமல் இந்தச் சோதனை தடுக்கும்.

இனி அட்மின்கள் விஷயம். "Reset link" என்பதைத் தொட்டால் பழைய இணைப்பு அந்தக் கணமே செல்லாது, புதிது ஒன்று பிறக்கும். பழையதைத் திரும்பப் பெற வழியில்லை. குழுவில் ஐந்து அட்மின்கள் இருந்தால் ஐந்து பேருமே அதைச் செய்ய முடியும். வேண்டாத ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்று ஒரு நல்லெண்ண அட்மின் இரவோடிரவாக அதைத் தொட்டால், விநியோகித்த பத்திரிகை எல்லாவற்றிலும் கோடு வெறும் அலங்காரமாகிவிடும். ஆகவே பத்திரிகை அச்சுக்குப் போகும் நாளில் அட்மின்களை இரண்டு பேராகக் குறையுங்கள். வேண்டாதவரை நீக்க இணைப்பை மாற்றத் தேவையில்லை, அவரை மட்டும் நீக்கினால் போதும்.

வேண்டாதவர்கள் வரத்தான் செய்வார்கள். அச்சிட்ட பத்திரிகையை யாராவது படம் பிடித்து முகநூலில் போடுவார்கள், கோடு அந்தப் படத்திலிருந்தும் வேலை செய்யும். 2020 பிப்ரவரியில், இணையத்தில் வெளிப்படையாகப் பகிரப்பட்ட வாட்ஸப் குழு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே கிடைப்பதை ஜோர்டன் வைல்டன் என்ற பத்திரிகையாளர் சுட்டிக்காட்டினார். அச்சிட்ட இணைப்பு பொது இடத்தில் வைத்த இணைப்பு என்று எண்ணியே குழுவை அமைக்க வேண்டும். குழுவின் அனுமதிப் பகுதியில் புதியவர்களை அட்மின் ஒப்புதலுடன் மட்டும் சேர்க்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் ஸ்கேன் செய்பவர் கோரிக்கை அனுப்புவார், அட்மின் பார்த்துச் சேர்ப்பார். செய்தி எழுதும் உரிமையையும் அட்மின்களுக்கு மட்டும் வைத்துவிட்டால் பங்குச் சந்தை ஆலோசகர்களின் தொல்லை இருக்காது. எண்ணைப் பார்த்து ஆளைத் தள்ளுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். +65, +971 என்று வருவது மோசடிக்காரராக இருக்கலாம், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இவ்வளவு செய்தாலும் ஒன்றை மறைக்க முடியாது. சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பலர் சேரத் தயங்குவதற்கு இது நியாயமான காரணம். கமிட்டி சொல்வதை மற்றவர்கள் கேட்டால் மட்டும் போதும் என்றால் வாட்ஸப் சேனல் ஒன்றைத் தொடங்கி அதன் இணைப்பைக் கோடாக்கலாம். அங்கே பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. குழுவுக்கு உள்ள 1,024 பேர் என்ற வரம்பும் அங்கே தடையில்லை. 1,500 பத்திரிகை அடிக்கும் விழாவுக்கு இந்த வரம்பு உண்மையிலேயே இடிக்கும். ஒரு பத்திரிகை போகும் வீட்டில் மூன்று போன்கள் இருக்குமே. கேள்வி பதிலும் வேண்டும் என்றால் மட்டும் குழு.

கோயில் போர்டிலோ குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்திலோ ஆண்டுக்கணக்கில் தொங்கும் கோட்டுக்கு வேறு கவனிப்பு தேவை. அங்கே இணைப்பு எப்போதாவது மாறத்தான் செய்யும். சங்கத்துக்குச் சொந்த இணையதளம் இருந்தால் அதில் ஒரு முகவரியை ஒதுக்கி, அது இன்றைய குழு இணைப்புக்குத் திருப்பிவிடும்படி அமைத்து, அந்த முகவரியைக் கோடாக்கலாம். குழு மாறினாலும் போர்டு மாற வேண்டியதில்லை. இணையதளம் இல்லை என்றால் ஃப்ளெக்ஸில் நிரந்தரமாகப் பதிக்காமல் ஒரு ஏ4 தாளில் அடித்து ஒட்டுங்கள், மாறும்போது தாளை மாற்றினால் முடிந்தது. மாதம் ஒருமுறை யாராவது ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். கோடு கிழிந்திருக்கிறதா என்பதற்காக மட்டுமல்ல, அதன் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதற்காகவும். நம் கோட்டின் மேல் கச்சிதமாக ஒட்டிய இன்னொரு கோட்டைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தாளிலேயே "திறக்கும் முகவரி chat.whatsapp.com என்று தொடங்கும்" என்று எழுதிவைத்தால் சேருபவரே சரிபார்த்துக்கொள்வார். இணையதளம் வழியாகத் திருப்பிவிடுகிறீர்கள் என்றால் அந்தத் தளத்தின் பெயரை எழுதுங்கள்.

பத்திரிகையைப் பலருக்கு வாட்ஸப்பிலேயே படமாகவும் அனுப்புவீர்கள். அவர் போன் திரையில் இருக்கும் கோட்டை அதே போனின் கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது. கூகுள் லென்ஸ் தெரிந்தவர்கள் சமாளிப்பார்கள், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். படத்தோடு இணைப்பை எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள், தொட்டாலே திறக்கும்.

48 நாளும் முடிந்து மண்டலாபிஷேகம் நிறைவானதும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று காத்த "Reset link" பொத்தானை அட்மின் தொடலாம். பீரோக்களிலும் பழைய பேப்பர் கட்டுகளிலும் கிடக்கும் பத்திரிகைகளின் கோடு அதோடு செல்லாது. குழுவில் ஏற்கெனவே இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள்.